லக்னத்தைத் தாண்டிய சனி, அடுத்து சூரியன்மேல்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. 1987 மார்ச் கடைசி வாரத்தில், விடியற்காலை ஐந்து மணிக்குப் பிறந்ததாக அம்மா சொல்வார். மேற்கத்திய முறையில் மீன லக்னம் 16 பாகை, சூரியன் மேஷத்தில் 7 பாகை என்று ஆப் காட்டுகிறது. வீட்டில் எழுதிவைத்த ஜாதகத்திலோ கும்ப லக்னம். கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். 2024 ஏப்ரலில் மேலாளர் மாறினார். இரண்டு பேர் வேலை என் தலையில் விழுந்தது. செப்டம்பரில் ராஜினாமா கடிதம் எழுதினேன், ஆனால் கொடுக்கவில்லை. 2025 ஜனவரியில் வாரம் மூன்று நாள் ஒப்பந்த வேலைக்கு மாறிக்கொண்டேன். உடம்பு இளைத்துவிட்டது, எப்போதும் அசதி. பழைய நட்புகள் பல தானாகவே விட்டுப்போயின. இப்போது ஒரு தோழி சேர்ந்து நிறுவனம் தொடங்கலாம் என்கிறாள். 2026 ஏப்ரலில் கையெழுத்து. அதே மாதம் சனி என் சூரியன்மேல் வருகிறதாம். போடவா, வேண்டாம் என்று விடவா? இதெல்லாம் எப்போதுதான் முடியும்?

பதில்: இரண்டு லக்னத்தில் எது சரி என்ற குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். இரண்டும் சரிதான். மேற்கத்திய முறை சாயனக் கணக்கு. வசந்த காலத்தில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேராக வரும் இடத்தை மேஷத்தின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. நம் பஞ்சாங்கங்கள் நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நிராயனக் கணக்கு. இரண்டுக்கும் இடையே இப்போது ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம். உங்கள் மீனம் 16-இல் 24-ஐக் கழித்தால் கும்பம் 22. வானத்தில் அது அதே இடம்தான், பெயர்ப்பலகை மட்டும் வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கழிக்கும்போது லக்னத்துக்கு மட்டும் கழிப்பதில்லை, சனிக்கும் கழிக்கிறோம். ஆகவே சனி உங்கள் லக்னப் பாகையைத் தொடும் நாள் இரண்டு முறையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும், சில நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான். மாறுவது விளக்கம். ஏழரைச் சனி சந்திரன் நின்ற ராசியை வைத்து, முன்பின் ராசிகளையும் சேர்த்து, ஏழரை ஆண்டாக எண்ணுவது. நாம் இங்கே பார்ப்பது லக்னத்தின் ஒரு பாகை, அப்புறம் சூரியனின் ஒரு பாகை. அந்தப் பலனைத் தூக்கி இதன்மேல் வைத்துப் பயந்துகொள்ளாதீர்கள். பலர் அப்படித்தான் இரண்டு முறையின் பயங்களையும் கூட்டிச் சுமக்கிறார்கள்.

சரி, 2024-க்கு வருவோம். சனி ராசிச் சக்கரத்தை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது. நேராகப் போய்க்கொண்டே இருந்தால் ஒரு பாகையை ஒரே தடவைதான் தாண்டும். ஆனால் ஆண்டுதோறும் நாலரை மாதம் வக்கிரமாகி, ஏழு பாகைக்குச் சற்றுக் குறைவாகப் பின்னால் வந்துவிட்டுத்தான் மறுபடி முன்னே போகிறது. ஒரு பாகைக்கு அறுபது கலை. 2024 ஜூன் 29 அன்று மீனம் 19 பாகை 25 கலையில் நின்று திரும்பியது. நவம்பர் 15 அன்று 12 பாகை 41 கலையில் வக்கிரம் நிவர்த்தியானது. இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் லக்னம் இருப்பவர்களை மட்டும் சனி மூன்று தடவை தொட்டது. உங்கள் 16-ஆம் பாகையை 2024 ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு முறை, செப்டம்பர் முதல் வாரத்தில் வக்கிரத்தில் இன்னொரு முறை, 2025 ஜனவரி நடுவில் கடைசி முறை.

உங்கள் கடிதத்தில் இருக்கும் மூன்று மாதங்களும் இவைதான். படித்ததும் எனக்குக் கொஞ்சம் சந்தேகமே வந்தது. இவ்வளவு அழகாகப் பொருந்தினால் ஜோதிடர் இன்னும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் ஆப்பில் தேதியைப் பார்த்த பிறகு நம் ஞாபகம் தானாகவே அந்தத் தேதிப் பக்கம் நகர்ந்துகொள்ளும். அதைவிடப் பெரிய சிக்கல் ‘விடியற்காலை ஐந்து மணி’. இப்படி முழு மணியாகச் சொல்லப்படும் பிறந்த நேரத்தில் கால் மணி நேரம் இப்படி அப்படி இருப்பது சாதாரணம். லக்னம் சராசரியாக நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். மீனத்திலும் மேஷத்திலும் அதைவிடச் சற்று வேகம். கால் மணி நேரம் பிசகினால் லக்னம் நாலு பாகைக்கும் மேல் தள்ளிப்போய்விடும்.

நாலு பாகைதானே என்று விட முடியாது. நீங்கள் ஐந்தேகாலுக்குப் பிறந்திருந்தால் லக்னம் மீனம் 20-ஐத் தாண்டியிருக்கும். 2024-இல் சனி அவ்வளவு தூரம் வரவே இல்லை. 20-ஆம் பாகையை அது தொட்டது 2025 பிப்ரவரியில், அதுவும் ஒரே ஒரு முறை. நாலேமுக்காலுக்குப் பிறந்திருந்தால் லக்னம் 12-ஐ ஒட்டி வரும். அப்போது 2024 மார்ச்சில் ஒரு தொடுகை, நவம்பரில் கிட்டே வந்து நின்றதோடு சரி. அதாவது பிறந்த நேரம் கால் மணி நேரம் மாறினால், மூன்று கட்டமாக இழுத்த ஒரு சோதனை ஒரே தடவையில் முடிந்துபோன ஒன்றாக மாறிவிடுகிறது. லக்னத்தின்மேல் சனி என்று தேதி போட்டுப் பலன் சொல்பவர் பிறந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்காவிட்டால், அந்தத் தேதிகளுக்குப் பெரிய மதிப்பில்லை.

உங்களால் சரிபார்க்க முடியும். கொடுக்காத அந்த ராஜினாமா கடிதம் கணினியில் இன்னும் இருக்குமே, அந்தக் கோப்பு எந்தத் தேதியில் உருவானது என்று பாருங்கள். மேலாளர் மாறிய அறிவிப்பு மின்னஞ்சலில் இருக்கும், ஒப்பந்தத்தில் தேதி இருக்கும். ஞாபகத்தைக் கேட்காமல் காகிதத்தைக் கேளுங்கள். கடிதம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் இருந்தால் உங்கள் அம்மா சொன்ன நேரம் கிட்டத்தட்ட சரி என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம். அக்டோபர் கடைசி என்று வந்தால் லக்னம் 13 பாகைப் பக்கம் இருக்கலாம், எனக்கு மறுபடி எழுதுங்கள். இதுவும் நிரூபணம் ஆகிவிடாது, வாசிப்புக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். சூரியனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஒரு நாளைக்கே ஒரு பாகைதான் நகரும். நேரம் அரை மணி தவறினாலும் 7 பாகை 7 பாகையாகவே இருக்கும். அதனால் ஏப்ரலைப் பற்றிப் பேசும்போது நாம் இன்னும் உறுதியான தரையில் நிற்கிறோம்.

இப்போதைக்கு 16 என்றே வைத்துக்கொள்கிறேன். லக்னம் என்பது மேற்கத்திய வாசிப்பில் உடம்பு, தோற்றம், மற்றவர்கள் உங்களைச் சந்திக்கும் முதல் முகம், ஒரு நாளை நீங்கள் எதிர்கொள்ளும் விதம். அதற்கு முன்பு சனி பன்னிரண்டாம் வீட்டில் இரண்டு மூன்று ஆண்டு இருந்திருக்கும். அந்த வீட்டில் இருக்கும்போது வெளியே எதுவும் தெரியாது. வேலை ஓடும், சம்பளம் வரும், ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்பது மட்டும் மெதுவாகத் தேய்ந்துகொண்டே வரும். லக்னத்தைத் தொடும்போதுதான் உள்ளே தேய்ந்தது வெளியே தெரிகிறது. மேலாளர் மாறியது ஒரு சாக்கு என்று சொல்லமாட்டேன், வேலைச்சுமை நிஜமானது. ஆனால் அதே சுமை நாலு ஆண்டு முன்பு வந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ராஜினாமா கடிதம் வரை போயிருக்குமா?

மூன்று தொடுகையைப் படிக்கும் வழக்கம் இது: முதல் தடவை விஷயம் மேசைக்கு வரும், வக்கிரத்தில் வரும் இரண்டாம் தடவை அதே விஷயம் உள்ளுக்குள் திரும்பி வந்து, இதை வைத்துக்கொள்ளப் போகிறாயா இல்லையா என்று கேட்கும், மூன்றாம் தடவை முடிவு நடைமுறைக்கு வரும். உங்கள் விஷயத்தில் நடுத் தொடுகையில் கடிதம் எழுதியும் கொடுக்காமல் இருந்ததைப் பலவீனமாக நான் பார்க்கவில்லை. இப்படி மூன்று தொடுகை வரும்போது பெரும்பாலானோர் செய்யும் தவறு, முதல் அடி விழுந்ததுமே எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போய்விடுவது. அப்படிப் போனவர்களுக்கு இரண்டாம் தொடுகையின்போது, விட்டுவந்த பிரச்சினையே புது இடத்தில் புது ஆள் வடிவில் எதிரே நிற்கும். நீங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நாலு மாதம் பேசி, கணக்குப் போட்டு, மூன்று நாள் வேலையாக மாற்றிக்கொண்டீர்கள். சனி கேட்கும் மறுசீரமைப்பு என்பது இதுதான். வாழ்க்கை இடிந்து விழ வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஒருவர் தாங்கக்கூடிய எடை எவ்வளவோ அந்த அளவுக்கு ஏற்பாட்டை மாற்றச் சொல்கிறது.

நட்புகள் விட்டுப்போனதற்கும் இங்கே ஒரு விளக்கம் உண்டு. லக்னத்தில் இருக்கும் சனி அதற்கு நேர் எதிரே ஏழாம் வீட்டு முனையைப் பார்க்கும், அதாவது மற்ற மனிதர்கள். நீங்கள் மாறியதும், பழைய உங்களோடு பழகியவர்களில் சிலருக்கு உங்களிடம் வேலை இல்லாமல் போகிறது. எல்லாருக்கும் எப்போதும் ‘சரி’ சொல்லும் ஆளாக இருந்தவர் ‘இன்றைக்கு முடியாது’ என்று சொல்லத் தொடங்கினால் முதலில் கழன்றுகொள்வது யார் என்று உங்களுக்கே தெரியும். அவர்களை எல்லாம் கெட்டவர்கள் என்று எழுதிவிடவும் வேண்டாம். ஓரிருவரிடம் நீங்கள்தான் பேசாமல் விட்டிருப்பீர்கள். சனி லக்னத்தில் இருக்கும்போது ஒருவர் தானாகவே மற்றவர்களை விட்டு ஒதுங்கிப்போவதும் வழக்கம்.

உடம்பைப் பற்றி எழுதியதை மட்டும் சனியிடம் விடமாட்டேன். லக்னத்தின்மேல் சனி வரும்போது அசதி, இளைப்பு என்று புத்தகங்கள் எழுதும். அதைப் படித்துவிட்டு, “சனிதானே, போய்விடும்” என்று மாதக்கணக்கில் இருந்துவிடுபவர்கள் உண்டு. சனியின் கடைசித் தொடுகை முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியும் அசதி தொடர்கிறது என்றால் ஜோதிடக் கணக்குப்படியே அது ஒத்துவரவில்லை. காரணம் இல்லாமல் எடை குறைவதும் அசதியும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை இவற்றையெல்லாம் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும், ஜாதகத்தில் முடியாது. ஏப்ரல் கையெழுத்துக்கு முன்பாகவே போய்வாருங்கள். அசதியோடு எடுக்கும் தொழில் முடிவில் பாதி அசதியின் முடிவாக இருக்கும்.

சூரியனுக்குப் போவதற்கு முன் உங்கள் ஜனன சனியை ஒரு பார்வை பார்த்தாக வேண்டும். கோசாரச் சனி, அதாவது இப்போது வானத்தில் நகரும் சனி, யாருக்கும் புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதில்லை, பிறந்தபோது சனி எங்கே என்ன சொன்னதோ அதையே பேசும் என்பது மேற்கத்திய முறையின் அடிப்படை. 1987 மார்ச் கடைசியில் சனி தனுசில் 21 பாகையில், வக்கிரமாகத் திரும்பும் நிலையில் கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. மீனம் 16 லக்னமாக இருந்தால் பத்தாம் வீட்டு முனையும் தனுசின் 20-ஐ ஒட்டித்தான் விழும். அதாவது தொழிலின் உச்சிமேலேயே சனி. இந்த அமைப்பு உள்ளவர்களிடம் சின்ன வயதிலேயே பொறுப்பு வந்து சேரும், பட்டம் மட்டும் தாமதமாக வரும். பொறுப்பைத் தூக்கிக்கொண்டு அதிகாரத்தை வாங்கிக்கொள்ளாமல் இருப்பது இவர்களுக்குப் பழகிப்போன வழக்கம். “இரண்டு பேர் வேலை என் தலையில் விழுந்தது” என்று எழுதியிருக்கிறீர்களே, அதோடு பதவியோ சம்பளமோ ஏறியதா என்று ஒரு வார்த்தை இல்லை. எழுதாமல் விட்டதைப் பார்த்தால் ஏறவில்லை என்றே தோன்றுகிறது.

இப்போது ஏப்ரல். சனி 2026 பிப்ரவரி நடுவிலிருந்து மேஷத்தில் இருக்கும். உங்கள் 7-ஆம் பாகையை ஏப்ரல் நடுவில் தொடும். அப்புறம் முன்னே போய் ஜூலை கடைசியில் மேஷம் 15-ஐ நெருங்கி நின்று வக்கிரமாகிறது. பின்னால் வந்து டிசம்பர் 10 வாக்கில் நிற்கும் இடம் 8 பாகைக்கு ஒரு சில கலை குறைவு. உங்கள் சூரியனுக்கு ஒரு பாகை தள்ளி. ஆகவே கணக்குப்படி உங்களுக்கு ஒரே தொடுகைதான், ஆப்பும் அப்படித்தான் ஏப்ரலை மட்டும் காட்டியிருக்கும். ஆனால் இங்கேதான் ஆப்பை நம்பி ஏமாறுகிறார்கள். சனி சாதாரணமாக ஒரு நாளில் ஏழு கலை ஓடும், ஏப்ரலில் உங்கள் பாகையை ஒட்டிய இடத்தை இரண்டு வாரத்தில் கடந்துவிடும். டிசம்பரில் நிற்கும்போதோ நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை அரை பாகைக்கு மேல் நகராது. ஒரு பாகை தள்ளி நின்றாலும் இரண்டு மாதம் அங்கேயே நிற்கிறது. என் வாசிப்பில் உங்களுக்கு ஏப்ரலைவிட டிசம்பருக்குக் கனம் அதிகம். ஏப்ரலில் கேள்வி வரும், டிசம்பரில் நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று தெரியும்.

கேள்வி என்னவாக இருக்கும்? லக்னத்தின்மேல் வந்த சனி எவ்வளவு சுமப்பாய் என்று கேட்டது. சூரியனின்மேல் வரும் சனி, யாருடைய பெயரில் சுமக்கிறாய் என்று கேட்கும். சூரியன் என்றால் சுய அதிகாரம், உயிர்ப்பு, நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் தெம்பு. தந்தையும் மேலதிகாரியும்கூட இதற்குள் வருவார்கள். அதன்மேல் சனி நிற்கும்போது கிடைக்கும் பொறுப்பு பொய் சொல்லாது. பெயருக்கு மட்டும் இருந்த அதிகாரம் வெளுத்துப்போகும், உண்மையாகவே இருப்பது உறுதிப்படும். பெருமைக்காக ஏற்றுக்கொண்டவை இந்தக் காலத்தில் தாங்குவதில்லை. அதே நேரம், பலருக்கு முதல் முறையாக முழுப் பொறுப்பு கைக்கு வருவதும் இப்போதுதான். ஆகவே சூரியன்மேல் சனி வரும் மாதத்தில் தொழில் தொடங்கக் கூடாது என்று ஒரு விதி மேற்கத்திய முறையில் கிடையாது. ஊதிப் பெருக்கித் தொடங்கக் கூடாது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

உங்களுக்கு ஒரு முன்னோட்டம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2018-இல் சனி மகரத்தின் முதல் பாகைகளில் முன்னும் பின்னுமாக இருந்தபோது உங்கள் சூரியனுக்குச் சதுரமாக, அதாவது 90 பாகையில் நின்றது. அந்த ஆண்டு வேலையிலோ வீட்டிலோ மேலே இருக்கும் ஒருவரோடு என்ன உரசல் வந்தது, அதை எப்படி முடித்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்து சமாளித்தீர்கள் என்றால் இந்த முறையும் கை அதே பழக்கத்துக்குத்தான் போகும். தோழியோடு தொடங்கும் தொழிலில் அது வேறு உருவம் எடுக்கும்: வேலை முழுவதும் உங்களுடையது, முடிவு அவளுடையது. தோழி கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. பத்தாம் முனையில் சனி வைத்திருப்பவர், யாரும் எடுக்காத பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்வார் என்பதைத்தான் சொல்கிறேன்.

அதனால் கையெழுத்துப் போடலாம். ஆனால் எந்தக் காகிதத்தில் என்பதுதான் விஷயம். நல்ல நாள் பார்த்து ஏப்ரலுக்குப் பதில் மே என்று தள்ளிவைப்பதால் ஒன்றும் மாறாது. சனி ஒரு மாதத்தில் மூன்று நாலு பாகைதான் நகரும், நீங்களும் அதே ஆள்தான். காகிதத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த முடிவை யார் தனியாக எடுக்கலாம், எதற்கு இரண்டு பேர் சம்மதமும் வேண்டும்? நட்டம் வந்தால், கடன் வாங்கினால், யார் பெயரில் எவ்வளவு? ஒருவர் விலக நினைத்தால் எத்தனை மாத அவகாசம், போட்ட பணம் எப்படித் திரும்பும்? இதில் ஒன்றுக்கு, “நமக்குள்ள என்ன, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் அங்கே நில்லுங்கள். சூரியன்மேல் சனி இருக்கும்போது ‘அப்புறம்’ என்று விட்ட வரிதான் டிசம்பரில் வாசலில் வந்து நிற்கும். காகிதத்தை ஒரு வழக்கறிஞரிடமும் கணக்காளரிடமும் காட்டிவிடுங்கள், அது ஜோதிடர் படிக்க வேண்டிய காகிதம் இல்லை.

நானாக இருந்தால் கேட்பது இது: ஏப்ரலில் ஒரு சின்ன, காலக்கெடு உள்ள ஒப்பந்தம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு, ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்வது. உங்கள் மூன்று நாள் வேலையை அதுவரை விட வேண்டாம். வக்கிர மாதங்களான ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பணம் வருவது தாமதமாகும், வரைபடம் திரும்பி வரும், தோழியோடு யார் எதைச் செய்வது என்று ஒரு தடவையாவது முட்டிக்கொள்வீர்கள். அதற்குச் சனிகூட வேண்டாம், புதுத் தொழில் என்றாலே அப்படித்தான். ஆனால் அதை எப்படித் தீர்த்தீர்கள் என்பதை நவம்பர் கடைசியில் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் மறுபடியும் ராஜினாமா கடிதம் போல ஒன்றை எழுதி மேசைக்குள் வைத்திருக்கிறீர்களா, அல்லது நேரில் சொல்லித் தீர்த்திருக்கிறீர்களா? பெரிய கடன், நீண்டகாலக் குத்தகை, வேலையை முழுதாக விடுவது, இந்த மூன்றையும் 2027 ஜனவரிக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சனி உங்கள் சூரியனைவிட்டு நகர்ந்துபோகத் தொடங்கியிருக்கும். அதைவிட முக்கியம், எட்டு ஒன்பது மாதக் கணக்கு வழக்கு கையில் இருக்கும்.

தோழி இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, ஏப்ரலிலேயே எல்லாம் வேண்டும் என்கிறாள் என்றால், அந்த அவசரத்துக்குக் காரணம் என்ன என்று கேளுங்கள். நியாயமான காரணம் இருக்கலாம், கையில் ஒரு பெரிய வேலை காத்திருக்கலாம். அப்படியானால் வேலையை ஒப்புக்கொண்டு பொறுப்பை மட்டும் அளவாக வையுங்கள். காரணமே இல்லாத அவசரம் என்றால் எந்தக் கிரகம் எங்கே நின்றாலும் என் பதில் வேண்டாம் என்பதுதான்.

கடைசியாக, எப்போது முடியும் என்று கேட்டீர்கள். லக்னத்தின் தொடுகை 2025 ஜனவரியோடு முடிந்தது. சூரியனுடையது 2027 ஜனவரி வாக்கில் தளரும். சனி மேஷத்தை விட்டு ரிஷபத்துக்குப் போவது 2028 ஏப்ரலில். ஆனால் தொடுகை முடிவதும் காலம் முடிவதும் ஒன்றில்லை. அமெரிக்க ஜோதிடர் கிராண்ட் லூயி, சனி லக்னத்தைத் தாண்டி நாலாம் வீட்டு முனைக்கு வரும் வரையிலான ஏறத்தாழ ஏழு ஆண்டை, ஆள் வெளியே தெரியாமல் வேலை செய்யும் காலம் என்று படித்தார். பெயரும் பதவியும் வரும் காலமாக அவர் வைத்தது அதற்குப் பின்னால் வரும் ஏற்றத்தை. நான் அதை அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. நடுவில் நன்றாக வளர்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். என்றாலும் கையில் எவ்வளவு பணம் வரும், எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற எதிர்பார்ப்பை வைத்துத் தொழிலின் அளவைத் தீர்மானிக்கும்போது அவர் சொன்னதை மனதில் வைப்பது பயன்படும். உங்கள் நாலாம் முனை மிதுனத்தில் 20-ஐ ஒட்டி விழுகிறது. சனி அங்கே வருவது 2031-இன் நடுவில். அதுவரை உங்கள் இரண்டு பேர் நிறுவனம் இரண்டு பேர் நிறுவனமாகவே இருந்தால் அதைத் தோல்வி என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ராஜினாமா கடிதத்தின் தேதியையும் 2018-இல் நடந்ததையும் எழுதி அனுப்புங்கள். லக்னம் மாறினால் இந்த 2031 கணக்கும் சில மாதம் முன்பின் ஆகும்.